மேசையில் கொடுக்கும் அரைப்பக்கக் கடிதம்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



வேலைவாய்ப்பு முகாமுக்குப் போற நம்ம பொண்ணுங்க கையில் கொண்டுபோய்க் கொடுக்கிற சின்னக் கடிதத்தைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. ஆனா மூணு வருஷமா நம்ம கூட்டமைப்பு சார்பா முகாமில் பதிவு மேசையில் உட்கார்ந்திருக்கேன். பேரை எழுதிக்கிட்டு, எந்த அறையில் எந்த கம்பெனின்னு வழிகாட்டுறது என் வேலை. சாயங்காலம் மேசை நாற்காலியை எடுத்து அடுக்குறதும் நாங்கதான். அதனால் நம்ம பிள்ளைங்க கொடுக்கிற தாள் அந்த மேசையில் என்ன கதியாகுதுன்னு கண்ணால பார்த்திருக்கேன். அதைத்தான் சொல்லப் போறேன்.

முகாமுக்குப் போகாதவங்களுக்காக ரெண்டு வார்த்தை. ஒரு கல்லூரியிலேயோ பெரிய பள்ளிக்கூடத்திலேயோ நடக்கும். ஒவ்வொரு அறையிலும் ரெண்டு மூணு கம்பெனிக்காரங்க பேனர் கட்டிக்கிட்டு மேசை போட்டு உட்கார்ந்திருப்பாங்க. வாசலில் பதிவு பண்ணிட்டு, பிடிச்ச மேசை முன்னாடி வரிசையில் நிக்கணும். நம்ம முறை வந்தா ரெண்டு நிமிஷம், கூட்டம் அதிகமா இருந்தா அதுவும் கிடைக்காது. கையிலிருக்கிற பயோடேட்டாவை வாங்குவாங்க, ரெண்டு கேள்வி கேப்பாங்க, "போன் பண்றோம்மா"ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க.

அந்த பயோடேட்டா இருக்கே, அது எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். கம்ப்யூட்டர் சென்டரில் ஒரே அச்சில் எடுத்துக் கொடுக்கிறாங்க. பேர், அப்பா பேர், பிறந்த தேதி, படிப்பு, தெரிந்த மொழி. நாம யாருன்னு அதில் இருக்கு. நமக்கு என்ன வேலை வேணும், அதில் என்ன தெரியும், எப்ப வர முடியும்னு அதில் இல்லை. சாயங்காலம் கம்பெனிக்காரங்க அந்தக் கட்டைப் பிரிச்சு, செக்கிங், டெய்லர், பேக்கிங், ஆபீஸ்னு தனித்தனியா அடுக்குவாங்க. எந்த வேலைன்னு தெரியாத தாள் எல்லாம் தனியா ஒரு குவியல் ஆகும். அந்தக் குவியலில் இருந்து யாருக்காவது போன் போனதா நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கடிதம். அரைப்பக்கம் போதும். பயோடேட்டாவுக்கு மேலே வச்சு, இடது மூலையில் ஒரு பின் அடிச்சுக் கொடுக்கணும். தபாலில் போடுற விண்ணப்பம் மாதிரி இது இருக்கக் கூடாது. தபாலில் போகும்போது நாம பக்கத்தில் இல்லை, அதனால் எல்லாத்தையும் எழுத வேண்டியிருக்கு. இங்கே நாம எதிரிலேயே நிக்கிறோம். பேசுறதை நாம பேசிக்கலாம். நாம அந்த இடத்தை விட்டுப் போனதுக்கப்புறம் நமக்குப் பதிலா அந்தத் தாள் பேசணும். அதுக்கு என்ன வேணுமோ அது மட்டும் இருந்தா போதும்.

ஒரு பொண்ணு விஷயத்தை எடுத்துச் சொன்னா உங்களுக்கு நல்லா விளங்கும். பேரு வேண்டாம். பக்கத்துத் தெருக் குழுவில் இருக்கிற ஒரு மருமகப் பொண்ணு. பன்னிரண்டாவது பாஸ். கல்யாணத்துக்கு முன்னாடி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் ரெண்டரை வருஷம் வேலை பார்த்தது. அப்புறம் கல்யாணம், ரெண்டு பிள்ளைங்க, ஆறு வருஷம் வீட்டில். சின்னவனும் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சதும், போன பிப்ரவரி முகாமுக்குப் போகணும்னு என்கிட்ட வந்தது. கூடவே அதோட மாமியாரும் வந்தாங்க.

அந்தப் பொண்ணு ஏற்கெனவே ஒரு கடிதம் எழுதி வச்சிருந்தது. முழுசா ஒண்ணரைப் பக்கம். "மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, தங்களின் பொற்பாதங்களைப் பணிந்து"ன்னு ஆரம்பிச்சு, வீட்டுக்காரருக்கு நிலையான வேலை இல்லை, குழுக் கடன் இருக்கு, மாமனாருக்கு உடம்பு சரியில்லை, எனவே ஏதாவது ஒரு வேலை கொடுத்து எங்கள் குடும்பத்தை வாழ வையுங்கள்னு முடிஞ்சது. திருப்பூரில் வேலை பார்த்த விஷயம் கடைசி வரிக்கு முந்தின வரியில், "முன்பு பனியன் கம்பெனியில் இருந்தேன்"னு நாலு வார்த்தை. அவ்வளவுதான்.

நான் அந்தக் கஷ்டத்தை எல்லாம் எடுத்துடலாம்னு சொன்னேன். மாமியாருக்கு மனசு ஒப்பலை. "உள்ளதைத்தானே எழுதியிருக்கா, கஷ்டத்தைச் சொன்னாத்தானே இரக்கப்பட்டு வேலை கொடுப்பாங்க"ன்னாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தான். நாம கலெக்டர் ஆபீஸில் மனு எழுதி எழுதியே பழகிட்டோம். மனுவில் கஷ்டத்தைச் சொல்லணும், ஏன்னா உதவித்தொகைக்குக் கஷ்டம்தான் தகுதி. வேலைக்கு வேலை தெரிஞ்சிருக்கிறதுதான் தகுதி. நான் அந்த அம்மாகிட்ட ஒண்ணு மட்டும் கேட்டேன். "அக்கா, இந்தத் தாள் மேசையில் நாலு பேர் கை மாறும். உங்க வீட்டுக்காரர் உடம்பைப் பத்தி, உங்க கடனைப் பத்தி அந்த நாலு பேரும் படிக்கணுமா?" அவங்க கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் "எடுத்துடு சாமி"ன்னு சொல்லிட்டாங்க.

இன்னொண்ணு, "ஏதாவது ஒரு வேலை". இது பணிவுன்னு நாம நினைச்சுக்கிறோம். மேசையில் இருக்கிறவங்களுக்கு அது வேற மாதிரி படும். எந்தக் கட்டில் வைக்கிறதுன்னு தெரியாம அந்தத் தனிக் குவியலில் வச்சிடுவாங்க. அதனால் வேலையின் பேரை முதல் வரியிலேயே எழுதணும். அதையும் அந்த கம்பெனி எப்படிச் சொல்லுதோ அப்படியே எழுதணும். பேனரில் செக்கர்னு இருந்தா செக்கர்னே எழுதணும், தரப் பரிசோதகர்னு நாம அழகுத் தமிழில் மாத்த வேண்டாம்.

அப்புறம் அந்தப் பொண்ணுகிட்ட உட்கார்ந்து கேள்வி கேட்டேன். என்ன பீஸ் பார்த்தே? குழந்தைங்க டி-சர்ட். அதில் என்னென்ன பார்ப்பே? தையல் விட்டிருக்கா, ஓட்டை, எண்ணெய்க் கறை, கலர் வித்தியாசம், அளவு. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ்? கொஞ்சம் யோசிச்சு, "சாதா பீஸா இருந்தா அம்பது பார்ப்பேன்க்கா"ன்னது. அளவு எப்படிப் பார்ப்பே? அளவு அட்டையை வச்சுக்கிட்டு டேப்பால் அளப்பேன். ஆறு வருஷமா என்ன பண்ணினே? "வீட்டில் சும்மாதான் இருந்தேன்." அப்ப உங்க குழுத் தீர்மானப் புத்தகம் யாரு எழுதுறா? "நான்தான்." ரொக்கப் புத்தகம்? "அதுவும் நான்தான், நாலு வருஷமா." பாருங்க, இதெல்லாம் அந்த ஒண்ணரைப் பக்கத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை. செக்கிங்கில் எத்தனை பாஸ், எத்தனை ஆல்டர்னு நோட்டில் எழுதணும். கணக்கு எழுதிப் பழகின கைன்னா அவங்களுக்கு அது பிரயோஜனம்தான்.

கடைசியில் எழுதின கடிதத்தை அப்படியே வாசிக்கிறேன். பழைய கம்பெனி பேரை மட்டும் விட்டுடறேன்.

"பெறுநர்: மனிதவளப் பிரிவு, (நிறுவனத்தின் பெயர்).

வேலை: செக்கர்.

வணக்கம். தங்கள் நிறுவனத்தில் செக்கர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு தேர்ச்சி பெற்றுள்ளேன். 2016 ஜூன் முதல் 2018 டிசம்பர் வரை திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் செக்கிங் பிரிவில் வேலை செய்தேன். குழந்தைகள் டி-சர்ட்டில் தையல், ஓட்டை, கறை, கலர், அளவு ஆகியவற்றைப் பார்த்துப் பிரித்து வைப்பேன். சாதாரண பீஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 50 பார்ப்பேன். அளவு அட்டை பார்த்து அளக்கத் தெரியும்.

2019 முதல் குழந்தை வளர்ப்புக்காக வேலைக்குச் செல்லவில்லை. இப்போது முழு நேரமும் வர முடியும். கடந்த நான்கு ஆண்டுகளாக எங்கள் மகளிர் குழுவின் தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் எழுதி வருகிறேன்.

காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரையுள்ள ஷிப்டுக்கு வர முடியும். தேர்வானால் ஒரு வாரத்தில் சேர்ந்துகொள்வேன். பயோடேட்டாவும் சான்றிதழ் நகல்களும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு," அதுக்குக் கீழே கையெழுத்து, பேர், ஊர், பஸ் நிறுத்தம், போன் நம்பர், தேதி.

அவ்வளவுதான். இதில் ஒவ்வொரு வரியும் மேசையில் கேட்கப் போற ஒரு கேள்விக்குப் பதில். என்ன வேலை, என்ன தெரியும், நடுவில் ஏன் இடைவெளி, எந்த நேரம், எப்ப வருவீங்க, எங்கே இருக்கீங்க. ஆறு வருஷ இடைவெளியை மறைக்க வேண்டாம். பயோடேட்டாவில் வருஷத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். மறைச்சா அதைத்தான் கிளறுவாங்க. ஒரு வரியில் காரணம், அடுத்த வரியில் இப்ப தடை இல்லைங்கிற விஷயம். அதுக்கு மேல் விளக்கம் கொடுத்தா நாமளே அதைப் பெரிசாக்கின மாதிரி ஆயிடும்.

பஸ் நிறுத்தம் எதுக்குன்னு சிலர் கேப்பீங்க. நம்ம பக்கம் நிறைய கம்பெனி வேன் விட்டு ஆள் ஏத்துறாங்க. நம்ம கிராமத்துப் பேரு அவங்களுக்குத் தெரியாது. மெயின் ரோட்டில் இருக்கிற நிறுத்தத்தின் பேரு வேன் டிரைவருக்கே தெரியும். வேன் வர்ற வழியில் இருக்கிறவங்கன்னு தெரிஞ்சா எடுக்கிறவங்களுக்குச் சுலபம்.

போன் நம்பர் விஷயத்தில்தான் நம்ம பெண்கள் நிறைய பேர் வேலையைக் கோட்டை விடுறோம். வீட்டுக்காரர் நம்பரைக் கொடுப்போம். கம்பெனியிலிருந்து காலை பதினோரு மணிக்கு அந்தப் பொண்ணு பேரைச் சொல்லி யாரோ கேப்பாங்க. அவரு எங்கேயோ வேலையில் இருப்பாரு. "யாருங்க, ராங் நம்பர்"னு வச்சிடுவாரு. ரெண்டாவது தடவை அவங்க கூப்பிட மாட்டாங்க. சொந்த நம்பர் இருந்தா அதையே எழுதுங்க. இல்லைன்னா, போன் யாருகிட்ட இருக்கோ அவங்ககிட்ட முகாமுக்குப் போன அன்னைக்கே எந்தெந்த கம்பெனியில் கொடுத்திருக்கோம்னு சொல்லி வைங்க. தெரியாத நம்பராக இருந்தாலும் பத்து நாளைக்கு எடுக்கச் சொல்லுங்க.

இப்ப எழுதாம விட வேண்டியது. ஆதார் நம்பரை, பேங்க் கணக்கு நம்பரைக் கடிதத்தில் எழுதாதீங்க. சாயங்காலம் மேசைக்கு அடியில் விழுந்து கிடந்த தாளை நான் பொறுக்கி எடுத்திருக்கேன். அந்தத் தாள் யாரு கையில் போகும்னு நமக்குத் தெரியாது. வேலை உறுதியானதும் அலுவலகத்தில் கேப்பாங்க, அப்ப கொடுத்தா போதும். சம்பளம் எவ்வளவு வேணும்னும் எழுத வேண்டாம். கேட்டா வாயால சொல்லிக்கலாம்.

இந்தப் பொண்ணுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. பழைய கம்பெனியில் அனுபவச் சான்றிதழ் வாங்கலை. இப்படி நம்மில் பல பேர். ஆனா அங்கே பி.எப். பிடிச்சிருந்தா யூ.ஏ.என். என்கிற 12 இலக்க நம்பர் இருக்கும். கம்பெனி மாறினாலும் அந்த நம்பர் மாறாது. எந்த கம்பெனி எந்த மாசத்திலிருந்து எந்த மாசம் வரை பணம் கட்டியிருக்குன்னு பி.எப். பாஸ்புக்கில் தெரியும். அதைப் பார்த்துத்தான் கடிதத்தில் மாசத்தையும் வருஷத்தையும் சரியா எழுதினோம். நம்பரைக் கடிதத்தில் எழுதலை. பாஸ்புக் நகலைப் பையில் வச்சுக்கிட்டா, கேட்டா காட்டலாம்.

அடுத்தது, எத்தனை நகல்? முகாமில் நாலஞ்சு மேசை பார்ப்போம். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எழுதிக்கிட்டு இருக்க முடியாது. நாங்க செஞ்சது இதுதான். நீல மை இல்லாம கருப்பு மையில் நிதானமா ஒரு தடவை எழுதினோம். கம்பெனி பேரு, வேலை, தேதி, கையெழுத்து, இந்த நாலு இடத்தையும் காலியா விட்டு ஆறு ஜெராக்ஸ் எடுத்தோம். வேலை முதல் வாக்கியத்திலும் வருது, அங்கேயும் இடம் விட்டோம். முகாமில் மேசை முன்னாடி வரிசையில் நிக்கும்போதே பேனரைப் பார்த்து அதே கருப்புப் பேனாவால் நிரப்பிடணும். கையெழுத்தை ஒவ்வொண்ணிலும் பேனாவால்தான் போடணும். ஜெராக்ஸ் கையெழுத்து இருந்தா ஊருக்கெல்லாம் கொடுத்த நோட்டீஸ் மாதிரி தெரியும்.

தாளின் மேல் பக்கம் வலது மூலையில் மூணு விரல் அகலத்துக்கு ஒண்ணும் எழுதாம விடுங்க. இது யாரும் சொல்லித் தந்ததில்லை, பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டது. மேசையில் இருக்கிறவங்க பேசிக்கிட்டே அந்த மூலையில்தான் பேனாவால் குறிப்பாங்க. "செக்கிங், ஜெனரல் ஷிப்ட், திங்கள்"னு. இடம் இல்லைன்னா குறிப்பே எழுதாம வச்சிடுவாங்க.

கொடுக்கும்போது எழுத்து அவங்க பக்கம் பார்த்த மாதிரி திருப்பிக் கொடுங்க. கொடுத்துக்கிட்டே ஒரே வாக்கியம். "வணக்கம் சார், செக்கர் வேலைக்கு வந்திருக்கேன், ரெண்டரை வருஷம் அனுபவம் இருக்கு." அதோட நிறுத்திடுங்க. அவங்க படிக்கட்டும். அவங்க படிக்கும்போது நாம பேசிக்கிட்டே இருந்தா ரெண்டுமே காதில் ஏறாது. கடிதத்தில் இருக்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் கேள்வி வரும்னு வச்சுக்கங்க. பதில் சொல்ல முடியாத ஒண்ணை எழுதாதீங்க. இந்தப் பொண்ணுகிட்ட ஒரு மேசையில் அம்பது பீஸ்ங்கிற வரியைக் காட்டி, "சாதா பீஸ்னா எது, காலர் வச்சதா?"ன்னு கேட்டிருக்காங்க. "காலர் இல்லாத ரவுண்ட் நெக் சார், காலர் வச்சதுன்னா குறையும்"னு சொல்லியிருக்கு. வேலை பார்த்தவங்களுக்குத்தான் அந்தப் பதில் வரும்.

நேர்காணலுக்கு நேரா கம்பெனிக்கே வரச் சொல்லி கேட்டில் நோட்டீஸ் ஒட்டுவாங்க, பேப்பரில் போடுவாங்க. அங்கேயும் இதே கடிதம்தான், ஆனா ஒரு வித்தியாசம். போறது ஒரே கம்பெனி, ஒரே வேலை. அதனால் காலி இடம் விட்ட ஜெராக்ஸ் வேண்டாம். கம்பெனி பேரை முழுசா எழுதி, எந்தத் தேதி அறிவிப்பைப் பார்த்து வந்தோம்னு முதல் வரியில் சேர்த்து, கையாலேயே ஒரு தாள் எழுதிக்கிட்டுப் போங்க. சில இடத்தில் வாட்ச்மேன்தான் தாளை வாங்கி உள்ளே அனுப்புவாரு. அப்ப நாம வாய் திறக்கவே முடியாது. கடிதத்தைப் பார்த்துத்தான் உள்ளே கூப்பிடுறதும் கூப்பிடாததும்.

முகாமில் நாலு மேசையில் கொடுத்துட்டு வெளியே வந்ததும், ஒரு நகலின் பின்பக்கம் எந்தெந்த கம்பெனி, என்ன வேலை, என்ன சொன்னாங்கன்னு குறிச்சு வச்சுக்கணும். அஞ்சு நாள் கழிச்சு போன் வரும்போது, "எந்த கம்பெனிங்க?"ன்னு நாம திருப்பிக் கேட்கக் கூடாது பாருங்க. பதிவுக் கட்டணம், யூனிபார்ம் காசு, டெபாசிட்னு யாராவது பணம் கேட்டா கொடுக்காதீங்க. முகாம் இலவசம். உடனே பதிவு மேசைக்கு வந்து சொல்லுங்க, நாங்க அங்கே இருக்கோம்.

அந்தப் பொண்ணு விஷயம் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. நாலு மேசையில் கொடுத்தது. ரெண்டு இடத்திலிருந்து போன் வந்தது. ஒரு இடத்தில் நைட் ஷிப்டும் பார்க்கணும்னாங்க. முடியாதுன்னு கடிதத்திலேயே நேரத்தை எழுதியிருந்ததால் தயங்காம சொல்ல முடிஞ்சது. இன்னொரு இடத்தில் கூப்பிட்டு, இருபது பீஸைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்காங்க. பார்த்துப் பிரிச்சுக் கொடுத்தது. இப்ப அங்கேதான் போய்க்கிட்டு இருக்கு.

கடிதம் எழுதினா வேலை நிச்சயம்னு நான் சொல்ல மாட்டேன். அதே முகாமுக்கு இதே மாதிரி எழுதிக் கொண்டுபோன இன்னொரு பொண்ணுக்கு ஒரு போனும் வரலை. அது கேட்ட வேலைக்கு டிப்ளமோ படிச்சவங்கதான் வேணும்னு பேனரிலேயே எழுதியிருந்தது. அந்தக் குறையைக் கடிதம் தீர்க்காது. வேலை தெரிஞ்சவங்க கூட்டத்தில் காணாம போயிடாம பார்த்துக்கும், அவ்வளவுதான் அதால முடியும்.

அடுத்த முகாம் தேதி வந்ததும் குழுக் கூட்டத்தில் சொல்வாங்க. போற பொண்ணுங்க அதுக்கு முந்தின வாரமே கோடு போடாத ரெண்டு வெள்ளைத் தாளும், கருப்புப் பேனாவும், பழைய வேலை பார்த்த மாசம் வருஷம் குறிச்ச சீட்டும் எடுத்துக்கிட்டு கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாங்க. உட்கார்ந்து எழுதிடலாம்.